சோடனை லைற்றும் 60ஆவது அலகும்: இழைக்குமிழ், எல்.இ.டி. மாதச் செலவுக் கணக்கு

நத்தாருக்கு ஒரு கிழமை முன்னர் வீட்டு முகப்பில் கொழுவிய லைற் மாலைகள் தைப்பொங்கல் முடிந்துதான் கழற்றப்படுகின்றன. ஏறக்குறைய ஒரு மாதம். அதற்கு எவ்வளவு கரண்ட் காசு போகும் என்று கேட்டால், விபரம் தெரிந்தவர்கள் ஒரே மாதிரித்தான் கணக்குப் பார்ப்பார்கள். வாட்டை மணித்தியாலத்தால் பெருக்கி, ஆயிரத்தால் பிரித்து, வரும் அலகை ஓர் அலகின் விலையால் பெருக்குவது. அலகைக் கண்டுபிடிக்க இந்த முறை சரி. பட்டியலில் எவ்வளவு கூடும் என்பதைக் கண்டுபிடிக்க இது உதவாது. ஒட்டுசுட்டான் போன்ற ஊரில் ஒரு குளிர்சாதனப் பெட்டி, இரண்டு மின்விசிறி, ஒரு தொலைக்காட்சி, நாலைந்து மின்குமிழோடு இருக்கும் சிறிய வீட்டுக்கு இந்தக் கணக்கு பெரிய பிழையைத் தரும். இழைக்குமிழ் மாலைக்கும் எல்.இ.டி. மாலைக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் வாட்டில் மட்டும் இல்லை. வீட்டை 60 அலகுக் கோட்டுக்கு அப்பால் எது தள்ளுகிறது, எது தள்ளாமல் விடுகிறது என்பதில்தான் அது இருக்கிறது.

முதலில் அலகுக் கணக்கு. நெல்மணி அளவுக் குமிழ்கள் நூறு கோத்த பழைய இழைக்குமிழ் மாலை ஒன்று சுமார் 40 வாட் எடுக்கும். அதே நூறு குமிழ் எல்.இ.டி. மாலை 5 முதல் 8 வாட் வரை எடுக்கும். இங்கே 6 என்று வைத்துக்கொள்வோம். இந்த இடைவெளிக்குக் காரணம் எளிது. இழைக்குமிழில் கம்பி இழை பழுத்துச் சிவந்தால்தான் ஒளி வரும். உள்ளே போகும் மின்சக்தியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெப்பமாகவே போய்விடும். நிறக்குமிழ் என்றால் நிலைமை இன்னும் மோசம். இழை தருவது மஞ்சள் கலந்த வெள்ளை ஒளி. நீலமோ பச்சையோ பூசிய கண்ணாடி தன் நிறத்தை மட்டும் வெளியே விட்டு மிச்சத்தை விழுங்கிவிடும். அதனால்தான் பழைய மாலைகளில் நீலக் குமிழ்கள் எப்போதும் மங்கலாகத் தெரியும். எல்.இ.டி. நீலத்தை நீலமாகவே உண்டாக்குகிறது. வடிகட்டி வீணாக்க அங்கே ஒன்றும் இல்லை.

நாலு மாலை, தினமும் மாலை 6 மணி முதல் இரவு 11 மணி வரை ஐந்து மணித்தியாலம், 30 நாள் என்று எடுப்போம். மொத்தம் 150 மணித்தியாலம். இழைக்குமிழ் மாலை நாலும் சேர்ந்து 160 வாட். மாத முடிவில் 24 அலகு. எல்.இ.டி. நாலும் 24 வாட். மாத முடிவில் 3.6 அலகு, முழுமையாக்கினால் 4. இதுவரை பிரச்சினை இல்லை. இனிமேல்தான் கட்டண அட்டவணையைத் திறக்க வேண்டும்.

இலங்கை மின்சார சபையின் வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறுவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். பலர் கவனிக்காதது, 60 அலகைத் தாண்டிய வீட்டுக்கு அட்டவணையே மாறிவிடுகிறது என்பதை. 2025 ஜூனில் இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு அங்கீகரித்த விலையை வைத்துப் பார்ப்போம். மாதம் 60 அலகுக்குள் நிற்கும் வீட்டுக்கு முதல் 30 அலகு 4.50 ரூபாப்படி, அடுத்த 30 அலகு 8 ரூபாப்படி, மாறாக் கட்டணம் 210 ரூபா. அறுபதைத் தாண்டினால் முதலாவது அலகிலிருந்தே 12.75 ரூபா. அறுபதுக்கு மேல் தொண்ணூறு வரை 18.50. மாறாக் கட்டணம் 400. அதாவது 61ஆவது அலகு தன் விலையை மட்டும் கொண்டுவருவதில்லை. அதற்கு முன் எரித்து முடித்த அறுபது அலகின் விலையையும் கூட்டிவிடுகிறது.

மாதம் 52 அலகு எரிக்கும் வீடு ஒன்றை எடுப்போம். வழமையான மாதத்தில் முதல் 30 அலகுக்கு 135 ரூபா, மீதி 22 அலகுக்கு 176, மாறாக் கட்டணம் 210. மொத்தம் 521 ரூபா. எல்.இ.டி. மாலை கொழுவிய மாதத்தில் இது 56 அலகாகும். கூடிய நாலு அலகும் 8 ரூபாப்படி 32 ரூபா, பட்டியல் 553. இழைக்குமிழ் மாலை கொழுவினால் 76 அலகு. இப்போது முதல் 60 அலகுக்கு 765, மேல் 16 அலகுக்கு 296, மாறாக் கட்டணம் 400. மொத்தம் 1,461 ரூபா. கூடியது 940 ரூபா. வழமையான முறையில் 24 அலகை 8 ரூபாவால் பெருக்கியவருக்கு 192 என்றுதான் வந்திருக்கும். பட்டியலைக் கையில் வாங்கியதும் மின்மானியில் ஏதோ பிழை என்று நினைப்பார். மின்மானியில் பிழை இல்லை. 24 அலகுக்கு 940 ரூபா என்றால் ஓர் அலகு 39 ரூபாவுக்கு மேல். அந்த வீடு நிற்கும் படியில் அப்படி ஒரு விலை அட்டவணையில் எங்கும் எழுதியிருக்காது. வரியைச் சேர்த்தால் இரண்டு பட்டியலும் இன்னும் சற்றுக் கூடும், ஒப்பீடு மாறாது.

இந்த இடத்தில் ஒரு நியாயமான மறுப்பு எழும். எல்லா வீடும் 52 அலகில் நிற்பதில்லையே? உண்மைதான். ஒரே நாலு இழைக்குமிழ் மாலைக்கு வெவ்வேறு வீடுகள் வெவ்வேறு விலை கொடுக்கின்றன. மாதம் 20 அலகு மட்டும் எரிக்கும் வீடு 44க்கு ஏறும். கோட்டுக்குக் கீழேதான் நிற்கும். கூடுவது 287 ரூபா. அதிலும் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு மாறாக் கட்டணம் 80இலிருந்து 210 ஆனதால் வருவது. மாதம் 150 அலகு எரிக்கும் வீடு ஏற்கெனவே மேல் அட்டவணையில் இருக்கிறது. அதன் ஒவ்வொரு புதிய அலகும் 41 ரூபா, ஆகவே 984 ரூபா. பாய்ச்சல் எதுவும் இல்லை. ஆனால் விலையே உயரம். எல்.இ.டி. என்றால் அந்த வீட்டுக்கு 164 ரூபாவோடு போகும். நடுவில் 37 முதல் 60 அலகு வரை எரிக்கும் வீடுகளுக்குத்தான் இழைக்குமிழ் மாலை எதிர்பாராத அடியாக விழுகிறது. அவர்களின் வருமானம் 150 அலகு வீட்டின் வருமானத்துக்குப் பக்கத்தில் நிற்காது. சோடனைக்காக அவர்கள் கொடுக்கும் காசு மட்டும் ஏறக்குறைய அதேயளவு.

இன்னொரு மறுப்பு இதைவிடப் பலமானது. திருவிழா ஐந்து நாள்தான், அதற்காகப் பழைய மாலையை எறிந்துவிட்டுப் புதிது வாங்குவதா? ஐந்து இரவு, இரவுக்கு ஐந்து மணித்தியாலம் என்றால் நாலு இழைக்குமிழ் மாலையும் சேர்ந்து 4 அலகுதான் எரிக்கும். 52 அலகு வீட்டுக்கு அது 32 ரூபா. எல்.இ.டி.யை ஒரு மாதம் எரித்த அதே செலவு. அந்த வீட்டுக்காரர் பெட்டிக்குள் இருக்கும் பழைய மாலையையே கொழுவலாம். செலவை முன்னிட்டுப் புதிது வாங்கத் தேவையில்லை. ஆனால் அதே நாலு அலகு 58 அலகு எரிக்கும் பக்கத்து வீட்டில் கூடினால் கதை வேறு. அந்த வீடு 62க்குப் போகும். 569 ரூபாப் பட்டியல் 1,202 ஆகும். நாலு அலகுக்கு 633 ரூபா. ஆகவே எத்தனை நாள் என்பதைவிட, அறுபதுக்கு இன்னும் எத்தனை அலகு மிச்சம் இருக்கிறது என்பதுதான் முதலில் கேட்க வேண்டியது. 52 அலகு வீட்டுக்கு மிச்சம் 8 அலகு. நாலு இழைக்குமிழ் மாலை 8 அலகை 50 மணித்தியாலத்தில் முடித்துவிடும், அதாவது பத்து இரவில். எல்.இ.டி. மாலை நாலும் அதே எட்டு அலகில் 333 மணித்தியாலம் எரியும்.

சிலர் இதற்கு ஒரு சாமர்த்தியம் சொல்வார்கள். மின்மானி வாசிக்கும் நாள் சோடனைக் காலத்தின் நடுவில் வந்தால் 24 அலகும் இரண்டு பட்டியலுக்குப் பிரிந்துவிடும், பாரம் குறையும் என்று. கேட்க நன்றாக இருக்கிறது, கணக்கில் தலைகீழ். 52 அலகு வீட்டில் பன்னிரண்டு பன்னிரண்டாகப் பிரிந்தால் இரண்டு மாதமும் 64 ஆகும். இரண்டும் கோட்டைத் தாண்டும். ஒவ்வொரு மாதமும் பட்டியல் 1,239 ரூபா, கூடுவது 718. இரண்டு மாதத்துக்கும் சேர்த்து 1,436 ரூபா. ஒரே பட்டியலுக்குள் விழுந்திருந்தால் 940 ரூபாவோடு முடிந்திருக்கும். தாண்டத்தான் போகிறது என்று தெரிந்தால் ஒரு தடவை தாண்டுவது மேல். இன்னொரு நுணுக்கம்: வாசிப்பு எப்போதும் 30 நாளில் நடப்பதில்லை. நாள் கூடினால் படிகளின் எல்லையும் அதற்கேற்ப நீளும். 33 நாள் பட்டியலில் அறுபதின் கோடு 66இல் நிற்கும். பட்டியலில் அலகைப் பார்ப்பவர்கள் நாளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இந்தக் கணக்கெல்லாம் மாலையின் வாட் சரியாகத் தெரிந்தால்தான் பயன். பெட்டியில் எழுதியிருப்பதை நம்ப முடியாது. பழைய மாலைகளில் பெட்டியே இருக்காது. வீட்டு மின்மானியே நல்ல அளவுகருவி. இலத்திரனியல் மின்மானியின் முகப்பில் ஒரு சிறு சிவப்பு லைற் விட்டு விட்டு மின்னும்; பக்கத்தில் `imp/kWh` என்று ஓர் எண் இருக்கும். `1000 imp/kWh` என்றால் ஆயிரம் மின்னலுக்கு ஓர் அலகு. குளிர்சாதனப் பெட்டி உட்பட எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மாலைகளை மட்டும் போட்டு, ஒரு மின்னலுக்கும் அடுத்த மின்னலுக்கும் இடையில் எத்தனை செக்கன் என்று பாருங்கள். 3,600ஐ அந்தச் செக்கனால் பிரித்தால் வாட். மின்மானியில் 1600 என்று இருந்தால் 3,600க்குப் பதில் 2,250. நாலு இழைக்குமிழ் மாலைக்கு ஆயிரம் மின்னல் மின்மானியில் இருபத்திரண்டு செக்கனுக்கு ஒரு தடவை மின்னும். நாலு எல்.இ.டி. மாலைக்கு இரண்டரை நிமிடம் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பிலேயே வித்தியாசம் விளங்கிவிடும். அணைந்து அணைந்து எரியும் முறையில் வைத்து அளக்க வேண்டாம். அதில் இரண்டு வகையும் குறைவாகவே எடுக்கும். எண் உங்களை ஏமாற்றும்.

பழைய மாலையை அளப்பவர்கள் சில வேளை 40 வாட்டுக்குப் பதில் 44, 45 காண்பார்கள். அதற்கும் காரணம் உண்டு. நூறு குமிழ் மாலை பெரும்பாலும் ஐம்பது ஐம்பதாக இரண்டு தொடராக இணைக்கப்பட்டது. 230 வோல்ற் ஐம்பதுக்குப் பங்கிடப்படுவதால் குமிழ் ஒன்றுக்கு 4.6 வோல்ற். தொடரில் ஒரு குமிழ் கருகினால் முழு மாலையும் அணைய வேண்டும். அப்படி அணையாமலிருக்க, இழை அறுந்ததும் மின்சாரத்துக்கு வழிவிடும் ஒரு மெல்லிய கம்பிச் சுற்று குமிழின் அடியில் வைக்கப்பட்டிருக்கும். ஐந்து குமிழ் இப்படிச் செத்தால் மிச்சம் நாற்பத்தைந்தும் 230 வோல்ற்றைப் பங்கிடும்; ஒவ்வொன்றுக்கும் 5.1 வோல்ற் போகும். அவை கூடப் பிரகாசமாக எரியும், கூடச் சூடாகும், சீக்கிரம் கருகும், மொத்த வாட்டும் ஏறும். குமிழ் குறையக் குறையச் செலவு கூடும் விசித்திரம் இது. செத்த குமிழை அன்றைக்கே மாற்றாதவர் மாலையையும் இழப்பார், காசையும் இழப்பார்.

எல்.இ.டி.க்கு எதிராகச் சொல்லப்படுபவற்றில் உண்மையும் கலந்திருக்கிறது. மலிவான மாலைகளின் ஒளி கண்ணைக் கூசும், நடுங்கும். குமிழ் ஒரு பக்கமாகவே ஒளியை வீசுவதால் பக்கவாட்டில் மங்கலாகத் தெரியும். வெதுவெதுப்பான மஞ்சள் ஒளி வேண்டுபவர்கள் வாங்கும்போது மஞ்சள் கலந்த வெள்ளையைக் கேட்டு, கடையிலேயே எரித்துப் பார்த்து வாங்கலாம். கையை விரித்து வேகமாக ஆட்டும்போது விரல்கள் துண்டு துண்டாகத் தெரிந்தால் அந்த மாலை நடுங்குகிறது. ஆயுள் பற்றிய பேச்சையும் அப்படியே நம்பக்கூடாது. பெட்டியில் எழுதியிருக்கும் ஆயிரக்கணக்கான மணித்தியாலம் நல்ல எல்.இ.டி.க்குப் பொருந்தலாம். ஆனால் வன்னியில் தீபாவளியும் கார்த்திகை விளக்கீடும் நத்தாரும் வடகீழ்ப் பருவமழைக்குள்தான் வருகின்றன. தலைமயிர் போன்ற மெல்லிய வயரில் இணைப்பு வாய் திறந்திருக்கும் மாலை, கூரை விளிம்பில் ஒரு மழைக்காலம் தொங்கினால் குமிழுக்கு முன்னர் அதன் காலில் துரு ஏறிவிடும். ஒரு பகுதி மட்டும் அணைந்துபோகும் எல்.இ.டி. மாலைகளில் பெரும்பாலும் பழுது அங்கேதான். ஆகவே இணைப்புகள் பிளாஸ்ரிக்கால் மூடப்பட்ட, வயர் சற்றுத் தடித்த மாலைக்குக் கூடக் கொடுப்பதில் நியாயம் உண்டு. எவ்வளவு கூடக் கொடுக்கலாம்? 52 அலகு வீட்டுக்கு ஒரு பண்டிகை மாதத்தில் மிச்சப்படுவது 908 ரூபா. நாலு மாலையின் விலையை அதோடு வைத்துப் பாருங்கள். 20 அலகு வீட்டுக்கு மிச்சம் 269 ரூபாதான். அங்கே அவசரமில்லை, பழையது பழுதானபின் மாற்றினால் போதும்.

எல்.இ.டி.யின் பெரிய ஆபத்து வேறொன்று. “அது கரண்ட் எடுக்காதுதானே” என்ற நினைப்பு. நாலு மாலை இருந்த இடத்தில் பத்து மாலை வரும். பதினொரு மணிக்கு அணைத்தவர்கள் விடியும்வரை விடுவார்கள். பத்து எல்.இ.டி. மாலை 60 வாட். இரவுக்குப் பன்னிரண்டு மணித்தியாலப்படி 30 நாள் எரிந்தால் 21.6 அலகு. நாலு இழைக்குமிழ் மாலையின் 24 அலகுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. 52 அலகு வீடு 74இல் நிற்கும், மேல் அட்டவணையில். மாலையை மாற்றியும் பட்டியல் குறையவில்லை என்று முறையிடும் வீடுகளில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். பிளக்கில் ஒரு ரைமர் போட்டால் இந்தத் தொல்லை தீரும். இல்லாவிட்டால் படுக்கப் போகிறவர் அணைத்துவிட்டுப் போக வேண்டும்.

விலைகள் நிலையானவை அல்ல. 2025 ஜனவரியில் கட்டணம் சராசரியாக 20 சதவீதம் குறைந்தது, ஜூனில் 15 சதவீதம் ஏறியது. அதனால் இந்த அத்தியாயத்தின் ரூபா எண்களை மனப்பாடம் செய்வதில் பயனில்லை. கடைசிப் பட்டியலில் அச்சிட்டிருக்கும் விலையை எடுத்து, சோடனை இல்லாத மாதத்துக்கு ஒரு தடவையும் சோடனை உள்ள மாதத்துக்கு ஒரு தடவையும் முழுப் பட்டியலையும் போட்டு, ஒன்றிலிருந்து மற்றதைக் கழியுங்கள். அந்த வித்தியாசம்தான் சோடனையின் விலை.

இதே கழித்தல் ஊர் வழக்கம் ஒன்றுக்கும் பொருந்தும். கோயில்களுக்கு மின்சார சபையில் தனி வகைக் கட்டணம் உண்டு. ஆனால் வீதியோரப் பிள்ளையாருக்கும் தண்ணீர்ப் பந்தலுக்கும் மின்னிணைப்பு இருப்பதில்லை. பக்கத்து வீட்டிலிருந்து வயர் இழுப்பார்கள். பத்து நாள் திருவிழாவுக்கு 15 வாட் நிறக்குமிழ் இருபத்தைந்தை இரவுக்கு ஆறு மணித்தியாலம் எரித்தால் 22.5 அலகு, முழுமையாக்கினால் 23. திருவிழா முடிந்து சபையார் அலகு 8 ரூபா என்று கணக்குப் பார்த்து 184 ரூபாவை வீட்டுக்காரர் கையில் கொடுப்பார்கள். 52 அலகு எரிக்கும் அந்த வீட்டுக்கு உண்மையில் கூடியிருப்பது 922 ரூபா. மிச்சம் 738 ரூபாவை வீட்டுக்காரர் வாய் திறக்காமல் கட்டுவார். கோயில் காரியம் என்று விட்டுவிடுவார். அந்த இருபத்தைந்தும் 1 வாட் எல்.இ.டி. குமிழாக இருந்திருந்தால் செலவு 16 ரூபாவோடு போயிருக்கும். நிறக்குமிழ்தான் வேண்டுமென்றால் சபை கொடுக்க வேண்டியது அலகுக் காசு அல்ல, அந்த மாதப் பட்டியலுக்கும் முந்திய மாதப் பட்டியலுக்கும் உள்ள வித்தியாசம்.